பிறந்த வருடத்தைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்க்காரன், 62 வயது, பணி ஓய்வு பெற்றவன். கல்லூரி நாட்களில் சிவப்புக் கொடி பிடித்து ஊர்வலம் போனேன். நாற்பதைத் தொடுவதற்குள் தெளிந்துவிட்டேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு 23 வயது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அரசியல் சண்டைதான். ‘உங்க தலைமுறைக்கு ரெண்டு சின்னத்தைத் தாண்டி எதுவும் கண்ணுக்குத் தெரியாதுப்பா’ என்கிறாள். இருபதில் கம்யூனிஸ்டாக இல்லாதவனுக்கு இதயம் இல்லை, நாற்பதிலும் அப்படியே இருப்பவனுக்கு மூளை இல்லை என்று சர்ச்சில் சொன்னது சரிதானே? இந்தத் தலைமுறையே இப்படித்தானா? இல்லை, இது வயசுக் கோளாறு, போகப்போகச் சரியாகிவிடும் அல்லவா? அவளோடு வாதாடலாமா, விட்டுவிடலாமா? நோட்டாவுக்குப் போடுவேன் என்கிறாள், அது வீண்தானே?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே,

முதலில் சர்ச்சிலை அனுப்பிவைத்துவிடுவோம். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சொல்லியிருந்தால் தன்னையே திட்டிக்கொண்டதாக ஆகியிருக்கும். 1900இல், 25 வயதில், அவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததே கன்சர்வேடிவ் கட்சிக்காரராக. 1904இல் லிபரல் பக்கம் தாவினார். மறுபடி பழைய முகாமுக்குத் திரும்பியபோது ஐம்பதை நெருங்கிவிட்டார். இதே வாசகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் வேறு உருவத்தில் உலவியது. அங்கே ‘கம்யூனிஸ்ட்’ இருக்குமிடத்தில் ‘குடியரசுவாதி’ இருந்தது. அதாவது, ராஜா வேண்டாம் என்று இருபது வயதில் சொன்னால் நல்ல மனசு, முப்பதுக்கு மேலும் சொன்னால் பைத்தியம். இன்று பிரான்சில் எண்பது வயதுக் கிழவரும் ராஜா வேண்டாம் என்றுதான் சொல்வார். அவருக்கு மூளை வளரவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்களாக நான் மென்றுகொண்டிருந்த விஷயத்தில் வந்து விழுந்திருக்கிறீர்கள், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதைச் சொல்கிறீர்கள், மகள் வயதைச் சொல்கிறீர்கள். யார் எந்த வருடம் பிறந்தவர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் வந்துவிடுமே என்பீர்கள். வரும். ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கவேயில்லை, அதுதான் என் புகார். போட்டிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டீர்கள்.

போட்டுப் பார்ப்போம். நீங்கள் 1963. ஆக, 1983 ஜூலையில் உங்களுக்கு இருபது வயது. கொழும்பு எரிந்த செய்தி வந்து, தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்த மாதம் அது. உங்கள் கல்லூரி வாசலில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அன்று உங்களில் யாரும் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு 1991. உங்களுக்கு 28. மே 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூலையில் மன்மோகன் சிங் அந்த பட்ஜெட்டை வாசித்தார். டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. ஒரே வருடத்தில் நீங்கள் பிடித்த கொடியின் தாய்நாடும் காணாமல் போயிற்று, நீங்கள் கண்ணீர்விட்ட போராட்டத்தின் பெயரைச் சொல்லவே தமிழ்நாட்டில் எல்லாரும் கூசினார்கள்.

இப்போது சொல்லுங்கள். நாற்பதுக்குள் ‘தெளிந்தது’ உங்கள் வயது செய்த வேலையா, 1991 செய்த வேலையா?

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஊகிக்கிறேன்: கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன், பொறுப்பு. இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் 1991 தேர்தலைப் பாருங்கள். திமுக சட்டமன்றத்தில் வென்ற இடங்கள் இரண்டே இரண்டு. மக்களவையில் முப்பத்தொன்பது தொகுதியையும் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. அந்த வருடம் மட்டும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் திடீரென்று வயதாகிவிட்டதா? இருபது வயதுக்காரன், அறுபது வயதுக்காரி, குழந்தை உள்ளவர், இல்லாதவர் எல்லாரையும் ஒரே அலை அடித்தது. அந்த அலையில் நீங்களும் நகர்ந்தீர்கள். அப்போது உங்களுக்கு வயது 28 என்பதால், வயதுதான் நகர்த்தியது என்று இப்போது கதை சொல்லிக்கொள்கிறீர்கள்.

இதை ஆராய்பவர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவருடைய அரசியலில் அவருடைய வயது ஒரு காரணம். அவர் வாக்களிக்கும் அந்தக் காலகட்டம் இன்னொரு காரணம். அவர் எந்த வருடம் பிறந்து, எதைப் பார்த்து வளர்ந்தார் என்பது மூன்றாவது. சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாக வந்துவிடுகிறது. 2021 தேர்தல், வயது 66 என்றால் பிறந்தது 1955. வேறு வழியே இல்லை. அதனால் ஒரு தேர்தலில், ஒரே ஒரு கருத்துக்கணிப்பில், ‘66 வயதுக்காரர்கள் இந்தக் கட்சிக்குப் போட்டார்கள்’ என்று வந்தால், அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் போட்டார்களா, 1955இல் பிறந்தவர்கள் என்பதால் போட்டார்களா என்று அந்தக் கணிப்பை எப்படிப் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. கூடுதலாக ஆயிரம் பேரைக் கேட்டாலும் முடியாது. தேர்தல் முடிந்த மறுநாள் தொலைக்காட்சியில் வண்ணப் பட்டைகளைக் காட்டி ‘இளைஞர்கள் இப்படி, முதியோர் அப்படி’ என்று விளக்கம் சொல்பவர்களில் பெரும்பாலோர் இதைப் பற்றிக் கவலைப்படுவதேயில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் இரட்டை இலைப் பாட்டி. எந்தக் கிராமத்துக்குத் தேர்தல் செய்தி சேகரிக்கப் போனாலும் நிருபர் அவளைக் கண்டுபிடித்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், ‘எம்சியாருக்குத்தான் போடுவேன்’ என்பாள். உடனே எழுதிவிடுவார்கள்: வயதான பெண்களின் கட்சி அதிமுக. ஏதோ எழுபதைத் தொட்டதும் பெண்களுக்கு இரட்டை இலை துளிர்க்கும் என்பதைப் போல.

அவள் பிறந்த வருடத்தைக் கேளுங்கள். 1955 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972 அக்டோபரில் எம்ஜிஆர் கட்சி தொடங்கியபோது அவளுக்கு 17 வயது. 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாக வென்றபோது 18. அன்று வாக்குரிமை வயது 21, அதனால் அவள் வாழ்க்கையின் முதல் சட்டமன்ற வாக்கு 1977, எம்ஜிஆர் முதலமைச்சரான தேர்தல். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவள் பிள்ளை பள்ளிக்குப் போகிற வயதில் இருந்திருக்கும். அவள் கிழவியாகி இரட்டை இலைக்கு வந்தவள் இல்லை. இரட்டை இலைக்காரியாகவே இருந்து கிழவியானவள். 1977இல் யாராவது அவளைப் பேட்டி கண்டிருந்தால், ‘சினிமா மோகத்தில் இளம்பெண்கள் எம்ஜிஆருக்குப் போடுகிறார்கள், வயது வந்தால் தெளிவார்கள்’ என்று எழுதியிருப்பார்கள். அவள் வாக்கு நகரவேயில்லை. அவளைப் பார்த்துச் சொல்லப்படும் விளக்கம்தான் இளமையிலிருந்து முதுமைக்கு மாறியது.

இது பாட்டியை வைத்து நான் ஜோடித்த கதை, ஒரு ஆள் போதாது என்று சொல்வீர்கள். நியாயம். இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் வசதி இருக்கிறது. அங்கே இரண்டே கட்சிகள் நூற்றைம்பது வருடமாக மோதுகின்றன, பல பத்தாண்டுகளாக வயதோடு சேர்த்துக் கணிப்பு எடுக்கிறார்கள். நம் அரசுப் பேருந்தில் முதியோர் இருக்கை என்று எழுதியிருக்கும் பாருங்கள், அந்த இருக்கையை மட்டும் கவனியுங்கள். 1992, 1996, 2000 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி அறுபதைக் கடந்தவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். 2004இல் 65 கடந்தவர்கள் குடியரசுக் கட்சியின் புஷ் பக்கம் போனார்கள். 2008இல் நாடே ஒபாமாவுக்குப் போட்டபோது அதே வயதினர் 53க்கு 45 என்று மெக்கெயினுக்குப் போட்டார்கள். இருக்கை அதேதான். உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வேறு ஆட்கள் ஏறிவிட்டார்கள்.

இறங்கியவர்கள் யார்? 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாமல் அலைந்து, ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் வந்து சோறு போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஏறியவர்கள் இரண்டாம் உலகப்போர் முடிந்து, ஐசனோவர் காலத்தின் நிம்மதியில் வாலிபத்தைக் கழித்தவர்கள். வயதானால் பழமைவாதியாகிவிடுவோம் என்பது இயற்கை விதி என்றால், ரூஸ்வெல்ட் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் வேலை செய்யவில்லை? யாயிர் கிட்ஸா, ஆண்ட்ரூ கெல்மன், ஜொனதன் ஆவர்பாக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கணிப்புகளையெல்லாம் பிறந்த வருட வாரியாகப் பிரித்து அடுக்கிப் பார்த்தார்கள். 14 வயதிலிருந்து 24 வரை நடக்கும் அரசியல் நிகழ்ச்சிகள்தான் ஆழமாகப் பதிகின்றன என்றார்கள். 18 வயதில் படும் அடி, நாற்பதில் படுவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை கொண்டது. இந்தப் படம் வெள்ளையர்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது, மற்றவர்களிடம் மங்கல். அமெரிக்காவில் கறுப்பர் ஒருவருடைய அரசியலை அவருடைய நிறம் முடிவு செய்கிற அளவுக்கு வருடம் முடிவு செய்வதில்லை. சாதி உள்ள நாட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயதுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் ஜேம்ஸ் டில்லி, ஜெஃப்ரி எவான்ஸ் என்ற இருவர் பல பத்தாண்டுத் தேர்தல் ஆய்வுகளை வைத்து, தலைமுறைகளின் வேறுபாட்டைக் கழித்துவிட்டு, வயது மட்டும் எவ்வளவு தள்ளுகிறது என்று மதிப்பிட்டார்கள். கன்சர்வேடிவ் பக்கம் வருடத்துக்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே தள்ளுகிறது. கேட்கச் சிறிது. ஐம்பது வருடம் சேர்ந்தால் சிறிதல்ல. ஆனால் அது மெல்ல அரிக்கிற சமாச்சாரம். நாற்பதாவது பிறந்தநாளில் விடிந்து எழுந்ததும் மூளை முளைக்கிற சமாச்சாரம் இல்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியவில்லை. அவர் 1924இல் பிறந்தவர். ‘வெள்ளையனே வெளியேறு’ 1942 ஆகஸ்டில் தொடங்கியபோது அவருக்கு 18. கதர் சட்டையைத் தவிர வேறெதையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. காமராஜர் பெயரை எடுத்தாலே குரல் தணிந்துவிடும். நான் 1950இல் பிறந்தேன். 1965 ஜனவரி 26, இந்தி ஆட்சிமொழியாகிறது என்ற நாள் வந்தபோது எனக்கு 15 வயது, பள்ளிக்கூடம். மறுநாள் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கியில் செத்துப்போனார். அந்தச் செய்தியோடு நான் வீட்டுக்கு ஓடிவந்து, ‘உங்க கவர்மெண்டுதாம்ப்பா சுட்டுச்சு’ என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. நீங்கள் உங்கள் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதே வார்த்தையைச் சொன்னார்: ‘வயசுக் கோளாறுடா. சரியாப் போயிடும்.’

எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. சரியாகப் போகவில்லை. இன்றும் வங்கியிலிருந்தோ ரயில்வேயிலிருந்தோ ஒரு தாள் இந்தியில் மட்டும் வந்தால் என் தோள் இறுகிவிடுகிறது. என் பேரனுக்கு அப்படி இல்லை, அவன் அதைப் படமெடுத்து மொழிபெயர்த்து வாசித்துவிட்டுப் போய்விடுகிறான். அவனைவிட நான் இலட்சியவாதி என்பதால் இல்லை. பதினைந்து வயதில் அந்த ஜனவரி என்மேல் விழுந்தது, அவன்மேல் விழவில்லை, அவ்வளவுதான். அப்பாவும் அப்படியே. கடைசிவரை கைச் சின்னத்துக்குத்தான் போட்டார். ‘காங்கிரஸ் கிழவர்களின் கட்சி’ என்று நாங்கள் கேலி செய்தோம். அவர் அந்தக் கட்சிக்குள் போனபோது மீசை முளைக்காத பையன். எனக்கு நினைவு தெரிந்தபோது கிழவராக இருந்தார், அதனால் கட்சியையும் கிழமாக்கிவிட்டேன்.

அம்மா கதை வேறு. 1967 தேர்தலை எங்கள் தலைமுறை இந்தி எதிர்ப்பின் வெற்றியாகவே எழுதிவைத்திருக்கிறது. விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கில் தோற்கடித்தார், அதைவிடச் சாட்சி வேண்டுமா என்போம். ஆனால் அந்தத் தேர்தலில் எனக்கு 17 வயது, வாக்கே கிடையாது. தெருவில் நின்று கத்திய பையன்களில் பெரும்பாலோருக்கு 21 ஆகவில்லை. எங்களுக்குக் கிடைத்த முதல் வாக்கு 1971. அப்படியானால் 1967இல் ஆட்சியை மாற்றியவர்கள் யார்? அம்மா மாதிரி ஆட்கள். அவளுக்கு அப்போது 38 வயது. இளமையும் இல்லை, இலட்சியமும் இல்லை, இந்தி வந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுதான். அரிசி கிடைக்கவில்லை. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்று திமுக சொன்னது. கதர் வீட்டுக்காரி, புருஷனோடு வாக்குச்சாவடிக்கு நடந்துபோய், உதயசூரியனில் குத்திவிட்டு வந்தாள். அப்பா போன பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அந்த வாக்கில் வயதும் இல்லை, பிறந்த வருடமும் இல்லை. அந்த வருடத்து அடுப்பு இருந்தது. அடுத்தடுத்த தேர்தல்களில் அவள் அப்பா பக்கமே திரும்பிவிட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலகட்டம் செய்வதற்கும், வளர்ந்த காலம் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது இப்படித்தான்: முதலாவது எல்லா வயதினரையும் ஒரே திசையில் அடிக்கும், பிறகு வடிந்துவிடும். இரண்டாவது ஒரு சில வருடங்களில் பிறந்தவர்களை மட்டும் பிடிக்கும், பிடித்தால் விடாது.

‘இந்தத் தலைமுறையே இப்படித்தானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தலைமுறை? கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928இலேயே சொல்லிவிட்டார், ஒரே வருடம் பிறந்துவிட்டால் மட்டும் ஒரே தலைமுறையாகிவிட மாட்டார்கள் என்று. நீங்கள் தஞ்சாவூர்க்காரர், உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் 1965இல் பதினைந்து வயதில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழத்தஞ்சையில் அதே பதினைந்து வயதில் ஒரு தலித் பையன் பண்ணையில் நாற்று முடி சுமந்துகொண்டிருந்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவன் வாழ்க்கைக்கு முத்திரை குத்திய வருடம் அதுதான், 1965 அல்ல. அவனும் நானும் ஒரே வயது. அவன் பிடித்த கொடி வேறு, நான் பிடித்த கொடி வேறு. இரண்டு பேருமே எழுபத்தைந்திலும் பெரும்பாலும் அதே கொடியோடுதான் இருப்போம். எங்களைச் சேர்த்து ‘அறுபதுகளின் தலைமுறை’ என்று ஒரே கட்டாகக் கட்டுபவரை என்ன சொல்வது?

சரி, உங்கள் மகள். 2002இல் பிறந்திருக்கிறாள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோது அவளுக்கு 15 வயது, 1965இல் எனக்கு இருந்த அதே வயது. எந்தக் கட்சிக்காரரையும் மேடையேறவிடாமல் நடந்த கூட்டம் அது, கடைசியில் போலீஸ் வந்து கலைத்தது. அதே வருடம் செப்டம்பரில் அரியலூர் மாணவி அனிதா உயிரை விட்டார். அடுத்த வருடம் மே 22, தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு, 13 பேர் செத்தார்கள். பிளஸ் டூ முடிக்கிற வருடம் கொரோனா. கல்லூரி முதல் வருடத்தைக் கைப்பேசித் திரையில் படித்தாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் இரண்டு சின்னத்துக்கு வெளியே எதையோ தேடுகிறாள் என்றால், அதற்கு ‘வயசுக் கோளாறு’ என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? 1983இல் உங்கள் அப்பா உங்களுக்கு அந்தப் பெயரை வைத்தபோது சும்மாவா இருந்தீர்கள்?

மாறுவாளா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்று ஒரு கல்லூரி, 1932இல் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கியது. பணக்கார, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள், இளம் இடதுசாரி ஆசிரியர்கள். தியோடர் நியூகம் என்ற உளவியலாளர் அங்கே பாடம் எடுத்துக்கொண்டே மாணவிகளின் அரசியலையும் குறித்துவைத்தார். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 விழுக்காட்டினர் தங்கள் அப்பாக்களின் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளில் அவருக்குச் சுமார் 15 விழுக்காடுதான். கல்லூரி மோகம், கல்யாணமானால் வடிந்துவிடும் என்று எந்த அப்பாவும் சொல்லியிருப்பார். நியூகம் விடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே பெண்களைத் தேடிப்பிடித்தார். நடு வயது, வீடு, பிள்ளைகள், காசு, எல்லாம் இருந்தது. 1960 தேர்தலில் அவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி பக்கம். அதே மாதிரிக் குடும்பத்தில் பிறந்து வேறெங்கோ படித்த பெண்களில் கென்னடியை விரும்பியவர்கள் அதில் பாதி அளவுதான். 1984இல் கிழவிகளானபோதும் பார்த்தார்கள், பெரும்பாலோர் அப்படியேதான் இருந்தார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு சின்ன ஆறுதலும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அவர்களில் சிலர் திரும்பினார்கள். யார் திரும்பினார்கள் என்று பார்த்தால், பழைய வட்டத்திலேயே கணவனும் சிநேகிதிகளும் அமைந்தவர்கள். மாறாதவர்கள் தங்கள் கருத்துள்ளவர்களையே கல்யாணம் செய்து, அப்படிப்பட்டவர்களோடே பழகினார்கள். ஆக, உங்கள் மகளின் அரசியலை அவளுடைய நாற்பதாவது வயது தீர்மானிக்கப் போவதில்லை. யாரோடு சாப்பிடுகிறாள், யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதற்கு அதில் கூடுதல் பங்கு உண்டு. (இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினீர்கள் என்றால் உங்களோடு பேசமாட்டேன்.)

தமிழ்நாட்டில் இதை ஏன் இன்னும் சரியாக யாரும் செய்யவில்லை என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. வழி தெரியும். 1996இல் முப்பதுகளில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, 2006 கணிப்பில் நாற்பதுகளில் இருப்பவர்களை, 2016 கணிப்பில் ஐம்பதுகளில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். அதே ஆட்கள் வேண்டியதில்லை, அதே பிறந்த வருடங்கள் போதும். லோக்நீதி–சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பின் கணிப்புகள் 1996இலிருந்து தொடர்ந்து இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் சின்னம் ஏமாற்றிவிடும். 1998இல் பாஜக அதிமுகவோடு நின்றது, 1999இல் திமுகவோடு நின்றது. உங்கள் தெருவில் ஒரு பரம்பரைத் திமுககாரர் 1999இல் கூட்டணிக்காகத் தாமரையில் குத்தியிருந்தால், அட்டவணையில் அவர் மனம் மாறியவராகத் தெரிவார். அதனால் யாருக்குப் போட்டீர்கள் என்பதைவிட எந்தக் கட்சியைச் சொந்தமாக நினைக்கிறீர்கள் என்ற கேள்வியைத்தான் பின்தொடர வேண்டும்.

வயதையும் நம்ப முடியாது. பாட்டிகளைக் கேட்டால் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழு எண்ணில் நிறுத்துவார்கள். தனுஷ்கோடிப் புயலின்போது வயசுக்கு வந்துவிட்டாயா, எம்ஜிஆர் செத்தபோது கைக்குழந்தை இருந்ததா என்று கேட்டால்தான் வருடம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட மோசம், ‘முதல் ஓட்டு யாருக்குப் போட்டீர்கள்’ என்ற கேள்வி. இன்று இருக்கும் கட்சிக்கே அன்றும் போட்டதாக ஆட்கள் மனதார நம்புகிறார்கள். ‘தெளிந்துவிட்டேன்’ என்று சொல்பவர்களையும் நான் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். இன்றைய இடத்தில் நின்று நேற்றைப் பார்த்தால் நேற்று கிறுக்காகத்தானே தெரியும்?

வாதாடலாமா, விட்டுவிடலாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம். வாதாடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். நோட்டாவைப் பற்றி 2013இல் அது வந்தபோதே எழுதிவிட்டேன், தேடிப் பாருங்கள்.

எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது வேறு. 1991 மே மாதம் முதல் அந்த வருடக் கடைசிவரை நீங்கள் எங்கே இருந்தீர்கள், கட்சிக் கூட்டத்துக்குப் போவதை எந்த மாதம் நிறுத்தினீர்கள், கூட இருந்தவர்களில் நிறுத்தாதவர் யார், அவருக்கும் உங்களுக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம் இருந்தது என்று விவரமாக எழுதுங்கள். ‘தெளிவு’ என்ற சொல் ஒரு இடத்திலும் வரக்கூடாது. மகளையும் தனியாக 2017ஐப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுகிறேன்.